“கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போ என்கிறார்கள், என் கணவர் வீட்டில் எனக்கு உரிமை இல்லையா?”

வாசகர் கடிதம்:

“எனக்கு 38 வயது. மகளுக்கு 13, மகனுக்கு 9. நாங்கள் இந்துக்கள். தனியார் கம்பெனியில் வேலை பார்த்த என் கணவர் 14 மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். 2014-ல் அவர் பெயரில் மனை வாங்கி, பேங்க் லோன் போட்டு வீடு கட்டினோம். இன்னும் 8 லட்சம் பாக்கி, இப்போது நான்தான் மாதத் தவணை கட்டுகிறேன். மாமனார், மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்கள். கட்டும்போது ரிட்டயர்மென்ட் பணத்தில் 6 லட்சம் கொடுத்தேன், அதனால் வீடு என்னுடையது என்கிறார் மாமனார். கரண்ட் கார்டு அவர் பெயரில் இருக்கிறது. பிள்ளைகளின் லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினால் வாசல் பூட்டை மாற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டார் பேசித்தான் உள்ளே விட்டார்கள். 5 லட்சம் தருகிறோம், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார் கொழுந்தன். ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிட்டார்கள். மனைவி என்ற முறையில் வீடு முழுக்க எனக்குத்தானே? இவர்களை வெளியேற்ற முடியுமா? நாளைக்கு நான் மறுமணம் செய்தால் எல்லாம் போய்விடுமா?”

வழக்கறிஞர் பதில்:

சகோதரி, முதல் வேலையாக ஒன்று செய்யுங்கள்: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு கையெழுத்து”, “பேங்க்கில் ஒரு கையெழுத்து” என்று யார் எதை நீட்டினாலும், வாங்கி வைத்துக்கொண்டு படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம், அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் மட்டும் பாதி வழி அடைத்துப்போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன. வீடு யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. அந்த வீட்டில் யார் குடியிருக்கலாம் என்பது இன்னொன்று. சட்டத்தில் இவற்றுக்கு வெவ்வேறு பதில், வெவ்வேறு கோர்ட், வெவ்வேறு வேகம். உங்கள் மாமனார் வீட்டாரும் குழப்பிக்கொள்கிறார்கள், நீங்களும் கொஞ்சம் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

வீடு யாருக்கு, எவ்வளவு?

மனைவி என்பதால் முழு வீடும் உங்களுக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பெயரில் இருந்த சொத்து 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். உங்கள் வீட்டில் அப்படி நான்கு பேர்: நீங்கள், மகள், மகன், உங்கள் மாமியார். ஆளுக்குக் கால் பங்கு. மகளுக்கும் மகனுக்கும் இதில் வித்தியாசம் எதுவும் கிடையாது.

பட்டியலில் மாமனார் இல்லையே என்று பார்க்கிறீர்களா? உண்மையிலேயே இல்லை. இறந்தவரின் தாய் முதல் வகுப்பில் வருகிறார், தந்தை இரண்டாம் வகுப்பில். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்குச் சொத்து இறங்காது. அண்ணன் தம்பிகளும் அந்த இரண்டாம் வகுப்புத்தான். ஆக, வீட்டில் அதிகமாகச் சத்தம் போடும் இரண்டு பேருக்கும் இன்றைய தேதியில் பங்கு பூஜ்யம். உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மாமியாருக்குத்தான் கால் பங்கு. இதைக் கவனமாக மனதில் வையுங்கள், ஏனென்றால் இந்த வழக்கின் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் சில நேரம் மாமனார் பெயரும் சேர்ந்து வரும். பயப்பட வேண்டாம். அந்தச் சான்றிதழ் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிறது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது தீர்மானிப்பதில்லை.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டின் மதிப்பு 40 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். லோன் பாக்கி 8 லட்சம் போனால் மிச்சம் 32. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 8 லட்சம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து 24 லட்சம். அதற்குத்தான் 5 லட்சம் தருகிறேன் என்கிறார் கொழுந்தன். உங்கள் ஒருவருடைய கால் பங்குக்குக்கூட அது காணாது. இதில் அவர் உபகாரம் செய்வதுபோல வேறு பேசுகிறார்.

கணவர் இறந்த பிறகு நீங்கள் கட்டிவரும் தவணை எல்லோருடைய பங்குக்கும் சேர்த்துக் கட்டுவது. பாகப்பிரிவினை என்று வரும்போது அதைக் கணக்கில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதனால் உங்கள் கணக்கிலிருந்தே கட்டுங்கள், ரசீதுகளை எடுத்து வையுங்கள். இன்னொன்று, லோன் போட்டபோதே கடன் தொகைக்கு இன்சூரன்ஸ் பிடித்தார்களா என்று பேங்க்கில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பல பேங்க்குகள் பிரீமியத்தை லோனோடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி இருந்தால் அந்த 8 லட்சம் முழுசாகவோ ஓரளவோ அடைபடலாம். 14 மாதம் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப் போடாதீர்கள்.

மேலே சொன்னதெல்லாம் உயில் இல்லை என்ற அடிப்படையில். நாளைக்கே ஒரு உயிலை எடுத்து நீட்டினால், அதை நிரூபிக்கும் பொறுப்பு நீட்டுகிறவருடையது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பதிவு செய்யாத உயிலும் செல்லும் என்பதால் “பதிவாகவில்லை, அதனால் செல்லாது” என்று நீங்களாக முடிவு செய்துவிட வேண்டாம். நகலை வாங்கிக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

மாமனாரின் 6 லட்சமும் கரண்ட் கார்டும்

அப்பா மகனுக்கு வீடு கட்டப் பணம் கொடுப்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அந்தப் பணம் கொடுத்ததாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். கிரயப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். கடனாகக் கொடுத்தேன் என்று அவர் சொன்னால், அது கடன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். எழுத்து எதுவும் இல்லாமல், வட்டி எதுவும் வாங்காமல், இத்தனை வருடம் கழித்துக் கேட்டால், கடனை வசூலிக்கப் பொதுவாக இருக்கும் மூன்று வருடக் காலவரம்பும் குறுக்கே நிற்கும். அதற்காக அவர் பணம் கொடுத்ததே இல்லை என்று நீங்கள் சாதிக்க வேண்டியதும் இல்லை. கொடுத்தார் என்பது உண்மையானால் ஒத்துக்கொள்ளுங்கள். சமரசம் பேசும் நாளில் அந்த நேர்மை உங்களுக்கு உதவும், கோர்ட்டில் பொய் சொன்னவர் என்ற பெயரும் வராது.

கரண்ட் கார்டு, வீட்டு வரி ரசீது, தண்ணீர் வரி எதுவும் உரிமைக்கான ஆவணம் ஆகாது. கட்டும்போது அலைய நேரமிருந்தவர் யாரோ அவர் பெயரில் இணைப்பு வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். பட்டாகூட வருவாய்த் துறைப் பதிவுதான். இருந்தாலும் கணவர் பெயரில் இருக்கும் பட்டாவை நான்கு வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். வேறு யாராவது தனியாக மனுப் போடுவதற்கு முன்னால் உங்கள் பெயர் பதிவில் ஏறியிருப்பது நல்லது.

குடியிருக்கும் உரிமை: இதுதான் உங்களுக்கு இன்றைக்கு வேண்டியது

பாகப்பிரிவினை வழக்கு என்றால் வருடக்கணக்கில் ஓடும். நாளைக்குக் காலையில் மறுபடி பூட்டை மாற்றினால் என்ன செய்வது? அதற்குத்தான் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். “அது புருஷன் அடித்தால்தானே, புருஷனே இல்லையே” என்று பலர் நினைக்கிறார்கள், சில போலீஸ்காரர்களும்தான். அப்படியில்லை. திருமண உறவால் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த எல்லோரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். பகிர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் பெண்ணை விடாமல் தடுப்பது, வீட்டுப் பொருள்களையும் சீதனத்தையும் எடுத்துக்கொள்வது எல்லாம் பொருளாதார வன்முறை என்றே அதில் எழுதியிருக்கிறது. அடி விழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, சொத்தில் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு, சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது என்கிறது. 2022 மே மாதம் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்களைப் போன்ற ஒரு கணவரை இழந்த பெண்ணின் மனுவில்தான். கல்யாணமாகிச் சில வாரங்களிலேயே கணவரை விபத்தில் இழந்தவர் அவர். கணவர் இறந்த பிறகும் அந்த உரிமை தொடர்கிறது, அந்தப் பெண் அந்த வீட்டில் உண்மையில் வசித்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை என்றது கோர்ட். நீங்களோ இத்தனை வருடம் அங்கேயே வாழ்ந்தவர், கால் பங்குக்கு உரிமையாளர் வேறு. உங்கள் நிலை அதைவிடப் பலமானது.

இதைப் படிக்கும் வேறு பெண்களுக்காக ஒரு வார்த்தை. வீடு கணவர் பெயரில் இல்லாமல் மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி அவர் பெயரிலேயே இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்வரை மருமகளுக்குச் சொத்தில் பங்கு கிடையாது, மகன் மாடி கட்டியிருந்தாலும் இடம் அவருடையதுதான். ஆனாலும் பகிர்ந்து வாழ்ந்த வீடு என்ற முறையில் குடியிருக்கும் உரிமையைக் கேட்க முடியும். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கி, அதற்கு எதிராக இருந்த தன் பழைய தீர்ப்பையும் மாற்றியது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு (பிள்ளைகள் இருந்தால் கிறிஸ்தவ மனைவிக்கு மூன்றில் ஒன்று, முஸ்லிம் மனைவிக்கு எட்டில் ஒன்று), ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லா மதத்தினருக்கும் ஒன்றுதான்.

சரி, எப்படிப் போவது? கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம் இருக்கும். அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் உண்டு, அவரைப் பாருங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். பாதுகாப்பு அலுவலர் நீங்கள் சொல்வதைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதுவார். அதை வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒருவேளை உங்களை வெளியே தள்ளிவிட்டு அம்மா வீட்டில் தங்க நேர்ந்தால், அந்த ஊர் கோர்ட்டிலேயே மனுப் போடலாம், திரும்பி வந்துதான் போட வேண்டும் என்றில்லை.

மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, பூட்டை மாற்றக் கூடாது, தண்ணீர் கரண்ட்டை நிறுத்தக் கூடாது, வீட்டை விற்கவோ யாருக்கும் எழுதிக்கொடுக்கவோ கூடாது என்று 19-வது பிரிவில் குடியிருப்பு உத்தரவு கேளுங்கள். அதோடு நிறுத்திவிடாமல் 18-வது பிரிவில் பாதுகாப்பு உத்தரவும் சேர்த்தே கேளுங்கள். காரணம் இருக்கிறது. உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்று தண்டனை சொல்லும் பிரிவு, பாதுகாப்பு உத்தரவு என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. குடியிருப்பு உத்தரவு மட்டும் கையில் இருந்தால், மீறும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார். அப்புறம், உத்தரவை அமல்படுத்த ஸ்டேஷன் அதிகாரி உதவ வேண்டும் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரி இருந்தால் “சிவில் மேட்டர்” என்ற பதில் மறுபடி வராது.

சட்டத்தில் முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று இருக்கிறது. நடைமுறையில் அந்த வேகத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். ஆனால் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம், ஆவணங்கள் தெளிவாக இருந்தால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அதனால்தான் ஆவணங்களைச் சொல்கிறேன்: மாற்றிய பூட்டின் போட்டோ, அன்றைக்கு உள்ளே விடச் சொல்லிப் பேசிய பக்கத்து வீட்டாரின் பெயர், அந்த முகவரி உள்ள ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பிள்ளைகளின் ஸ்கூல் பதிவு, கொழுந்தன் 5 லட்சத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அது. ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டேஷனில் அடுத்த முறை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், மனு ஏற்பு ரசீது (சி.எஸ்.ஆர்.) வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். குடும்ப வன்முறைப் புகார் வந்தால் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வக்கீல் கிடைப்பார் என்று சொல்ல வேண்டியது போலீஸின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது.

அந்த விடுதலைப் பத்திரம்

விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கை மற்றொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது. பதிவு செய்துவிட்டால், மிரட்டினார்கள் ஏமாற்றினார்கள் என்று வழக்குப் போட்டு நிரூபித்துத்தான் ரத்து செய்ய முடியும். அது பெரிய பாடு. சப்-ரிஜிஸ்ட்ரார் உங்களிடம் “சம்மதமா” என்று கேட்டிருப்பார், நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள், போட்டோவும் கைரேகையும் பதிவாகியிருக்கும்.

இதில் கொழுந்தன் கவனிக்காத (அல்லது கவனித்தும் சொல்லாத) ஒன்று இருக்கிறது. அப்பா இறந்த பிறகு பிள்ளைகளின் இயற்கைப் பாதுகாவலர் நீங்கள்தான், தாத்தா இல்லை. ஆனால் பாதுகாவலர் என்ற முறையிலும் மைனர் பிள்ளைகளின் வீட்டுப் பங்கை கோர்ட் அனுமதி இல்லாமல் உங்களால் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதினால், பிள்ளைகள் 18 வயது முடிந்த பிறகு மூன்று வருடத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். “பிள்ளைங்க சார்பா நீயே போட்டுடு” என்று சொன்னால், கோர்ட் அனுமதி வாங்கி வாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு நல்ல வக்கீல் அவர்கள் பக்கம் இருந்தால் இதையேதான் அவரும் சொல்லுவார்.

பவர் பத்திரத்திலும் ஜாக்கிரதை. விடுதலைப் பத்திரத்துக்கு மறுத்தவரிடம் “பேங்க் வேலைக்கு அலைய வேண்டாம், பவர் கொடுத்துடு” என்று வருவார்கள். அந்தப் பவரை வைத்தே உங்கள் பங்கை எழுதிவிடலாம்.

லோன் இருப்பதால் மூலப் பத்திரம் பேங்க்கில் இருக்கும். இப்போதைக்கு அதுவே உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. கணவர் இறந்துவிட்டார், வாரிசுகள் இத்தனை பேர், எல்லா வாரிசுகளின் சம்மதமும் இல்லாமல் பத்திரத்தை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்று கிளை மேலாளருக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதுங்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். அவ்வப்போது பார்த்துவாருங்கள், உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

அவர்களை வெளியேற்ற முடியுமா?

முடியாது. முயற்சி செய்யவும் வேண்டாம். மாமியார் உங்களைப் போலவே கால் பங்கு உரிமையாளர். உங்களை வெளியே தள்ள அவருக்கு எவ்வளவு உரிமை இல்லையோ, அவரை வெளியே தள்ள உங்களுக்கும் அவ்வளவுதான். குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒரு ஆளை வீட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவிட வழி இருந்தாலும், பெண்ணுக்கு எதிராக அப்படி உத்தரவிடக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மாமனார் தன் மனைவியோடு அங்கே இருக்கிறார், வயதானவர். கொழுந்தன் கதை வேறு. அவர் அந்த வீட்டுக்கு வந்து மிரட்டுவதைத் தடுக்க உத்தரவு கேட்கலாம்.

நீங்கள் வழக்குப் போட்டால் மாமனார் பதிலுக்கு 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம், “மருமகள் கொடுமை செய்கிறாள், வெளியேற்றுங்கள்” என்று. இது இப்போது அடிக்கடி நடக்கிறது. நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2020 டிசம்பரில் எஸ்.வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம், மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளின் குடியிருப்பு உரிமையை அப்படியே ஒதுக்கித் தள்ளிவிட முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றது. கிரயப் பத்திர நகலோடும் அந்தத் தீர்ப்போடும் ஆஜராகுங்கள். கூடவே, அவர்களுக்குச் சாப்பாடு, மருந்து விஷயத்தில் நீங்கள் குறை வைக்கவில்லை என்பதும் பேச்சில் வர வேண்டும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

இப்போது மாமியாருக்கு வருகிறேன். அவருடைய கால் பங்கை அவர் இன்றைக்கே கொழுந்தனுக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்கலாம். கோர்ட் தடை இல்லாத பட்சத்தில் அதை நீங்கள் நிறுத்த முடியாது. எழுதினால் பூஜ்யமாக இருந்த கொழுந்தன் கால் பங்குக்காரர் ஆகிவிடுவார். எழுதாமலேயே மாமியார் காலமானால், அவருடைய கால் பங்கு மூன்றாகும்: மாமனாருக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று, இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்று. (உங்கள் கணவருக்கு அக்கா தங்கை யாரும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, இருந்தால் அவர்களுக்கும் உண்டு.) அந்தப் பங்கில் உங்களுக்கு எதுவும் வராது. மாமியார் தன் பங்கைப் பணத்துக்கு வெளியாளிடம் விற்கப் பார்த்தால் மட்டும், முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

எப்படிப் பார்த்தாலும் கால் பங்குக்காரர் ஒருவர் நாளை பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். ஒரு சின்ன வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது என்று தெரிந்தால், ஒருவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்வது அல்லது வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிப்பது என்று போய் முடியும். இந்த அபாயம் உங்களுக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. அதனால்தான் என் யோசனை, குடியிருப்பு உத்தரவு கையில் வந்ததும் மாமியாரிடம் தனியாகப் பேசிப் பார்ப்பது. மேலே போட்ட கணக்கில் அவர் பங்கு 8 லட்சம். அதைத் தவணையாகக் கொடுத்து வாங்கிக்கொள்வதோ, அவர் ஆயுள்வரை அதே வீட்டில் இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்து அவர் பங்கைப் பேரப்பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் வாங்குவதோ சாத்தியம்தான். மகனை இழந்த அம்மா அவர். பேரப்பிள்ளைகளைத் தெருவில் விட அவருக்கு மனம் வருமா என்பது கொழுந்தன் பக்கத்தில் இல்லாதபோது கேட்டால்தான் தெரியும். இலவச வக்கீல் தரும் அதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசப் பேச்சுக்கும் ஏற்பாடு செய்வார்கள்.

பேச்சு நடக்கவில்லை என்றால் நீங்களே மதிப்பைப் பொறுத்து அதற்குரிய சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கும், யாருக்கும் எழுதிக்கொடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்கலாம். இங்கே நீங்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில், கூட்டாக அனுபவத்தில் இருந்துகொண்டு பாகம் கேட்பவருக்குக் கோர்ட் கட்டணம் ஒரு நிலையான சிறு தொகைதான். அனுபவத்திலிருந்து முழுக்க ஒதுக்கப்பட்டவர் கேட்டால், தன் பங்கின் சந்தை மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்ட வேண்டும். கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டு நான்கைந்து வருடம் கழித்து வரும் பெண்களுக்கு இது பெரிய அடி. லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போய் வருவதால் எதுவும் கெடாது, ஆனால் உங்கள் சாமான், பிள்ளைகளின் புத்தகம், அறைச் சாவி எல்லாம் அங்கே இருக்கட்டும்.

மறுமணம்

உங்கள் கால் பங்கு உங்கள் கணவர் இறந்த நொடியிலேயே உங்களுக்கு வந்துவிட்டது. முழு உரிமையோடு வந்தது, ஆயுள்வரைக்கு மட்டும் என்றில்லை. பிறகு நீங்கள் மறுமணம் செய்தாலும் அது போகாது, பிள்ளைகளின் பங்கும் போகாது. பழைய காலச் சட்டத்தை வைத்து யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆனால் குடியிருப்பு உத்தரவை மறுமணத்துக்குப் பிறகும் அப்படியே தொடரச் சொல்லிக் கேட்பது கடினம். சூழ்நிலை மாறிவிட்டது என்று எதிர்த்தரப்பு அதை மாற்றக் கேட்கும். அப்போது உங்கள் கையில் நிற்பது பங்குதாரர் என்ற உரிமைதான். கணவர் பி.எஃப். திட்டத்தில் இருந்திருந்தால், விதவை என்ற முறையில் உங்களுக்கு வரும் மாதப் பென்ஷன் மட்டும் மறுமணத்தோடு நின்றுவிடும், அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் கணக்கில் பென்ஷன் கேட்க வழி இருக்கிறது. அந்தப் பென்ஷனுக்கே நீங்கள் இன்னும் மனுப் போடவில்லை என்றால், கணவரின் பி.எஃப். எண்ணை அவர் கம்பெனியில் கேட்டு வாங்கி, இறப்புச் சான்றிதழோடு பி.எஃப். அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.